விடியற்காலை ரயிலுக்கு எந்த டாக்சி: ஆப்பா, கால் டாக்சியா, தெரிந்த டிரைவரா?

சென்னைப் புறநகரில் குடியிருந்து சென்ட்ரலில் காலை ஆறு மணிக்குள் ரயில் ஏற வேண்டிய குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மெட்ரோவின் முதல் ரயில் காலை ஐந்து மணிக்குத்தான் என்பதால் அதை நம்ப முடியாது. சொந்தக் கார் இருந்தாலும் நான்கு நாள் எங்கே நிறுத்துவது என்ற பிரச்சினை. ஆகவே டாக்சிதான். எந்த டாக்சி, எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதில்தான் குழப்பம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். வீடு மேடவாக்கத்தில், அடுக்குமாடி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள பாட்டி என ஐந்து பேர். பெரிய பெட்டி இரண்டு, நடுத்தரப் பெட்டி ஒன்று, சாப்பாட்டுப் பை ஒன்று. ரயில், சென்ட்ரலில் 5.50-க்குக் கிளம்பும் மைசூரு வந்தே பாரத். (நேரம் மாறக்கூடும், உங்கள் டிக்கெட்டில் உள்ளதை வைத்தே கணக்கிடுங்கள்.)

## முதலில் கெடு நேரம்

பெரும்பாலானோர் ரயில் நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு அதையே டாக்சிக்குச் சொல்வார்கள். அது சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. பின்னாலிருந்து ஒவ்வொரு படியாகக் கழித்தால்தான் எங்கே நேரம் போகிறது என்பது தெரியும்.

வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடுபவை. பழைய ரயில்போல ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொள்ள முடியாது. எனவே 5.35-க்கு இருக்கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரலில் ஒரு நல்ல விஷயம், அது முனைய நிலையம். நடைமேடைகளின் தலைப்பகுதி வழியாகவே சமதரையில் போய்விடலாம், பாட்டி படியேற வேண்டாம். ஆனால் அதே காரணத்தால், பெட்டி ரயிலின் மறுகோடியில் இருந்தால் முழு நீளத்தையும் நடந்தாக வேண்டும். 16 பெட்டி வண்டி என்றால் கிட்டத்தட்ட 400 மீட்டர். மூட்டுவலியோடு நடப்பவருக்குப் பத்து நிமிடம் வேண்டும். பெட்டிகளை இறக்கிப் பணம் கொடுக்க ஐந்து நிமிடம், ஸ்கேனரில் பைகளைப் போட்டு எடுத்து நடைமேடை எண் பார்க்க ஐந்து, பிள்ளைகளில் ஒருவர் கட்டாயம் கேட்கப்போகும் கழிப்பறைக்கு ஐந்து. ஆக 25 நிமிடம். நிலைய வாசலில் இறங்க வேண்டிய நேரம் 5.10.

மேடவாக்கத்திலிருந்து சென்ட்ரல் சுமார் 22 கிலோமீட்டர். விடியற்காலையில் 40 நிமிடம் போதும் என்பார்கள். பெரும்பாலும் போதும்தான். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலையை மாற்றிவிடுவதும், கனரக லாரிகள் சாலையில் இறங்குவதும் இரவில்தான். மேப்பில் புறப்படும் நேரத்தை அதே கிழமை, அதே மணி என்று வைத்துப் பாருங்கள். "35 முதல் 50 நிமிடம்" என்பதுபோல ஒரு வரம்பு காட்டும். அதில் பெரிய எண்ணையே எடுங்கள். நாம் 50 எடுக்கிறோம். கிளம்ப வேண்டிய நேரம் 4.20.

பெட்டிகளை ஏற்ற, பாட்டியை உட்காரவைக்க, "கேஸ் மூடினோமா" என்று ஒருவர் மாடிக்கு ஓடிவர, பத்து நிமிடம். வண்டி வாசலில் நின்றே ஆக வேண்டிய கெடு நேரம் 4.10.

நவம்பர், டிசம்பர் மழை நாளாக இருந்தால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிச் சுற்றிப் போக நேரிடும். அதற்கு இன்னும் 20 நிமிடம். போகிப் பண்டிகை காலைக்கும் அதே கணக்குதான். அன்று புகையில் வண்டி நகர்வதே மெதுவாகத்தான்.

## பாதுகாப்பு இடைவெளி எதற்காக?

நிலையத்தில் முக்கால் மணி நேரம் முன்னதாக உட்கார்ந்திருப்பதைத்தான் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். விடியற்காலைப் பயணம் கெடுவது பெரும்பாலும் சாலையில் அல்ல, வீட்டு வாசலில். வரவேண்டிய வண்டி வராததால் கெடுகிறது. ஆகவே இடைவெளி என்பது, முதல் வண்டி வராது என்று தெரிந்த கணத்திலிருந்து இரண்டாவது வண்டி வந்து நிற்கும்வரை ஆகும் நேரம்.

அந்த இரண்டாவது வண்டிக்கு உங்கள் தெருவில் எவ்வளவு நேரமாகும் என்பதை ஊகிக்க வேண்டாம். பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு, தூக்கம் கலையும் ஒரு விடியற்காலையில், மூன்றரை மணி வாக்கில் ஆப்பைத் திறந்து பெரிய வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டுகிறது என்று பாருங்கள். புக் செய்ய வேண்டாம். அந்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள், ஏனென்றால் ஒரு டிரைவராவது ஏற்றுக்கொண்டு பிறகு ரத்து செய்வார். 20 நிமிடம் காட்டினால் 40 என்று கொள்ளுங்கள்.

கெடு 4.10, இரண்டாவது வண்டிக்கு 40 நிமிடம். அப்படியானால் 3.30-க்குள் முதல் வண்டி வருமா வராதா என்பது நமக்குத் தெரிந்துவிட வேண்டும். இதை முடிவு நேரம் என்று வைத்துக்கொள்வோம். எந்த டாக்சி நல்லது என்ற கேள்விக்கு முதல் அளவுகோல் இதுதான்: வராது என்றால், வராது என்பதை எவ்வளவு சீக்கிரம் அது நமக்குத் தெரியப்படுத்தும்? வாடகை இரண்டாவதுதான். மூன்றாவது, வண்டியில் இடம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன.

## இடம்: ஐந்து பேருக்கு எந்த வண்டி?

செடான் டாக்சியில் டிரைவர் தவிர நான்கு பேர்தான். "சின்னப் பையன்தானே, மடியில வச்சுக்கிறோம்" என்றால் சிலர் சம்மதிப்பார்கள். சிலர் வாசலில் நின்று மறுப்பார்கள், அதுவும் 4.10-க்கு. அதோடு, சென்னையில் ஓடும் செடான், ஹேட்ச்பேக் டாக்சிகளில் நிறைய சிஎன்ஜி வண்டிகள். சிலிண்டர் டிக்கியில் இருக்கும். மீதி இடத்தில் ஒரு பெரிய பெட்டி போனாலே அதிகம்.

எர்டிகா போன்ற ஏழு இருக்கை வண்டிதான் நமக்குச் சரி. ஆனால் மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் எர்டிகாவின் டிக்கி வெறும் 209 லிட்டர். பெரிய பெட்டி இரண்டு அதில் அடங்காது. முன்னால் ஒருவர், நடுவில் மூவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து, மூன்றாம் வரிசையின் மறுபாதியை மடக்கினால் அடங்கும். இந்த வண்டியும் சிஎன்ஜி என்றால் சிலிண்டர் டிக்கியில்தான், அப்போது மேலே கேரியர் வேண்டும். எனவே டிரைவரிடம் "எர்டிகாவா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "சிஎன்ஜியா, கேரியர் இருக்கா?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டு சின்ன வண்டி எடுப்பது மலிவாகத் தோன்றும். ஆனால் இரண்டுமே வந்தால்தான் குடும்பம் போய்ச் சேரும். சறுக்கும் இடம் ஒன்றுக்கு இரண்டாகிறது. டிக்கெட்டை வைத்திருப்பவர் ஒரு வண்டியிலும் பாட்டி இன்னொன்றிலும் இருந்தால் சென்ட்ரல் வாசலில் போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

## ஆப்பில் அப்போதே புக் செய்வது

ஓலா, ஊபர், ராபிடோ போன்றவற்றில் விடியற்காலை எழுந்து அந்த நேரத்துக்குத் தேடுவது. வாடகை திரையிலேயே தெரியும்; முந்தின நாள் பேரம் இல்லை; கார் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். சின்ன வண்டிக்கு இது பெரும்பாலும் வேலை செய்கிறது.

சிக்கல் என்னவென்றால், கார் வாசலுக்கு வரும்வரை எதுவும் உறுதியில்லை. டிரைவர் ஏற்றுக்கொள்வார், போன் செய்து "ட்ராப் எங்க? கேஷா ஆன்லைனா?" என்பார், பதிலைக் கேட்டுவிட்டு நகராமல் நிற்பார். நீங்களே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பார், ஏனென்றால் அவர் ரத்து செய்தால் கணக்கு அவர் தலையில் விழும். வரைபடத்தில் கார் மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் காத்திருக்காதீர்கள். இன்னொரு ஆப்பில் தேடத் தொடங்குங்கள். ரத்துக் கட்டணம் பிடித்தால் பிடிக்கட்டும். ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

ஏழு இருக்கை வண்டி அந்த நேரத்தில் குறைவு. இருப்பவையும் விமான நிலையப் பக்கம் சவாரிக்காக நிற்கும். நம் குடும்பம் இந்த வழியில் போனால் 3.10-க்கே தேடத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டால் 4.15-க்கே சென்ட்ரலில் உட்கார வேண்டியிருக்கும். மலிவான வண்டிக்குத் தூக்கத்தில் கொடுக்கும் விலை அது.

கணவன், மனைவி, ஆளுக்கொரு முதுகுப் பை என்றால் இதுவே போதும். நகரத்தின் நடுவில், மயிலாப்பூர் அல்லது நுங்கம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதுதான் சரி, ஏனென்றால் அங்கே இரண்டாவது வண்டி பத்து நிமிடத்தில் கிடைக்கும். தெருவில் ஆட்டோவும் இருக்கும்.

## ஆப்பில் முன்பதிவு செய்வது

முந்தின நாளே தேதி, நேரம் போட்டுப் பதிவு செய்வது. "உங்கள் பயணம் உறுதி" என்று செய்தி வரும். இதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பல நேரம் உறுதியானது உங்கள் கோரிக்கைதான், வண்டி அல்ல. டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் வந்த பிறகுதான் அதை ஒரு வண்டி என்று கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தப் பெயர் எப்போது வரும் என்பது ஆப்புக்கு ஆப், நேரத்துக்கு நேரம் மாறும். அவசரமில்லாத ஒரு நாளில் முன்பதிவு செய்து பார்த்தால் உங்களுக்குப் பிடிபடும். 20 நிமிடம் முன்பு வருகிறது என்று வைத்துக்கொண்டால், 4.00 மணிக்குப் பதிவு செய்தவருக்கு 3.40-க்குத்தான் தகவல். நம் முடிவு நேரம் 3.30. பத்து நிமிடம் தாமதம். எனவே 3.45-க்குப் பதிவு செய்யுங்கள். 3.30-க்குப் பெயர் வரவில்லையென்றால் காத்திராமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

பதிவு செய்யும்போதே ஏறுமிடக் குறியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுக்குமாடிகளில் குறி பல நேரம் பின்தெருவில் போய் விழும். பகலில் டிரைவர் கேட்டுக் கேட்டு வந்துவிடுவார். விடியற்காலை நாலு மணிக்கு வழி சொல்ல ஆள் இல்லை.

## கால் டாக்சி

போன் செய்து பதிவு செய்யும் நிறுவனங்கள். ஆளிடம் பேசிப் பதிவு செய்வதால் வண்டி வகை, கேரியர், பாட்டி இருப்பது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். முன்பணம் பொதுவாகக் கேட்பதில்லை. டிக்கெட் இன்னும் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இது வசதி: காலை ரயில்களுக்கு முந்தின நாள் இரவே சார்ட் தயாராகிவிடும். இடம் கிடைக்காவிட்டால் ஒரு போனில் ரத்து செய்துவிடலாம்.

வண்டி எண் குறுஞ்செய்தியாக வரும், ஆனால் கடைசி நேரத்தில்தான் வரும். "அரை மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரும் சார்" என்பதுதான் வழக்கமான பதில். அந்த அரை மணி நமக்குப் போதாது. இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பேசி, பதிவு எண்ணைச் சொல்லிச் சரிபார்க்கவும். பிறகு 3.10-க்கு மறுபடி பேசி "எந்த வண்டி, டிரைவர் நம்பர் என்ன?" என்று கேட்கவும். "அலாட் ஆயிடும் சார்" என்று மட்டும் வந்தால் வண்டி இல்லை என்றே எடுத்துக்கொண்டு 3.30-க்கு மாற்று வழியைத் தொடங்கலாம். அவர்களிடம் சொல்லும் நேரம் 3.50.

மறைமுகச் செலவு: இரவுக் கட்டணம், காத்திருப்புக் கட்டணம், குறைந்தபட்சக் கிலோமீட்டர். மூன்றையும் பதிவு செய்யும்போதே கேட்டுவிட்டால் சென்ட்ரல் வாசலில் வாக்குவாதம் வராது. அங்கே வாக்குவாதத்துக்கு நேரம் கிடையாது.

## தெரிந்த டிரைவர்

பக்கத்துத் தெரு டிராவல்ஸ், டாக்சி ஸ்டாண்டு, அல்லது முன்பு ஒருமுறை நன்றாக ஓட்டியதால் நம்பர் வாங்கி வைத்திருக்கும் ஒருவர். நான்கில் இவர்தான் தகவலை மிகச் சீக்கிரம் தருவார், ஏனென்றால் அவரை நேரடியாக எழுப்ப முடியும். 3.00 மணிக்கு அடித்தால் குரலிலேயே தெரியும், எழுந்துவிட்டாரா இல்லையா என்று. 3.10-க்குள் மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லையென்றால், மாற்று வண்டி தேட முழுதாக ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. ஆகவே இவரை 4.00 மணிக்கு வரச் சொன்னால் போதும்.

ஆனால் முந்தின நாள் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். "அண்ணா, அன்னைக்கு ராத்திரி வேற டிரிப் இருக்கா?" என்பது முதல் கேள்வி. ஒரு மணிக்கு விமான நிலையத்தில் ஆள் எடுக்கப் போகிறவர், விமானம் தாமதமானால் உங்களை விட்டுவிடுவார். அவர்மேல் தப்பும் இல்லை. "வண்டி ராத்திரி எங்க நிக்கும்?" என்பது இரண்டாவது. மேடவாக்கத்திலேயே நிற்கும் வண்டிக்கும் செங்குன்றத்திலிருந்து வரும் வண்டிக்கும் வாடகையும் வேறு, நம்பகமும் வேறு. சிலர் ஷெட்டிலிருந்து ஷெட் வரை கிலோமீட்டர் போடுவார்கள். "நீங்களே வருவீங்களா?" என்பது மூன்றாவது. "என்னால முடியல, பிரெண்ட அனுப்புறேன்" என்று வரும்போது வண்டி எர்டிகாவிலிருந்து டிசையராக மாறிவிடும். நண்பர் வருவதாக இருந்தால் அவர் நம்பரும் வண்டி வகையும் இரவே வேண்டும்.

கிளம்பிவிட்டாரா என்று கேட்கும்போது "வந்துட்டே இருக்கேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். அது பல் துலக்கும்போதும் சொல்லக்கூடிய வாக்கியம். "எந்த இடம் தாண்டியிருக்கீங்க?" என்று கேட்டு ஓர் ஊர்ப் பெயரை வாங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வராது என்பது எப்போது தெரியும் | சொல்ல வேண்டிய நேரம் | ஐந்து பேர், பெட்டிகள் | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| ஆப், அப்போதே | வாசலுக்கு வரும்வரை தெரியாது | 3.10-க்குத் தேடத் தொடங்கு | பெரிய வண்டி கிடைப்பது அரிது | இருவர், சிறு பைகள், நகர நடுப்பகுதி |
| ஆப் முன்பதிவு | பெயர் வரும் கடைசி நிமிடங்களில் | 3.45 | வகை தேர்ந்தெடுக்கலாம். சிஎன்ஜியா என்று தெரியாது | நால்வர் வரை, மாற்று வழி கையில் உள்ளோர் |
| கால் டாக்சி | கேட்டால் 3.10 வாக்கில் | 3.50 | பேசிச் சொல்லலாம் | டிக்கெட் உறுதியாகாதோர் |
| தெரிந்த டிரைவர் | 3.00 மணிப் போனில் | 4.00 | முன்பே பார்த்துச் சொல்லலாம் | முதியோர், குழந்தைகள், நிறையப் பெட்டிகள் |

நம் மேடவாக்கக் குடும்பத்துக்கு என் தேர்வு தெரிந்த டிரைவர்தான், மாற்றாக ஆப். இரண்டு வண்டியையும் முன்கூட்டியே பதிவு செய்து ஒன்றை 4 மணிக்கு ரத்து செய்வதைச் சிலர் சாமர்த்தியமாகச் சொல்கிறார்கள். தூக்கத்தை விட்டு டீசல் எரித்து வந்த மனிதரைத் திருப்பி அனுப்புவது அது. அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால் வந்தவருக்குப் பெட்ரோல் காசாவது கொடுங்கள். தெரிந்த டிரைவர் இல்லாதவர்கள் கால் டாக்சியை முதலாவதாக வைக்கலாம்.

## டாக்சித் தூரத்தையே குறைக்க முடியுமா?

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில் என்றால் முடியும். அவற்றில் பல தாம்பரத்தில் நிற்கும். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் பாதித் தூரம்கூட இல்லை, ரயிலும் அங்கே பிந்தித்தான் வரும். பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பே ஐஆர்சிடிசியில் ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். தாம்பரத்தில் நடைமேடைக்கு மேம்பாலம் ஏற வேண்டியிருக்கலாம், ரயில் நிற்பதும் சில நிமிடமே. பாட்டி இருந்தால் லிஃப்ட் எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள்.

நம் மைசூரு வண்டிக்கு இந்த வழி இல்லை. சென்ட்ரலை விட்டால் அடுத்த நிறுத்தம் காட்பாடி. உறுதியான டிக்கெட்டோடு வண்டியைத் தவறவிட்டால் பணம் திரும்புவதும் நடக்காத காரியம்.

## உறுதி செய்யும் செய்தி

போனில் பேசியது போதாது, எழுதி அனுப்ப வேண்டும். முக்கியக் காரணம் தேதிக் குழப்பம். "வெள்ளிக்கிழமை விடிஞ்சா நாலு மணி" என்று ஒருவர் சொன்னால், வெள்ளி காலையா, வெள்ளி இரவு கழிந்து வரும் சனி காலையா என்று கேட்பவர் தம் போக்கில் புரிந்துகொள்வார். நள்ளிரவு தாண்டிப் பேசும்போது "நாளைக்கு" என்ற சொல்லும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

> அண்ணா, 12-ம் தேதி வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.00 மணி (வியாழன் ராத்திரி தூங்கி எழுந்து வரும் காலை). மேடவாக்கம் வீட்டிலிருந்து சென்ட்ரல். 5 பேர், பெரிய பெட்டி 2, சின்னது 1. எர்டிகா, கேரியரோடு. பேசிய வாடகையில் இரவுக் கட்டணம் சேர்ந்தது. 3 மணிக்குப் போன் பண்ணுவேன். லொகேஷன் கீழே.

இதற்கு "ஓகே" என்றோ கட்டைவிரல் படமோ பதிலாக வந்தால், படிக்காமலும் அனுப்பியிருக்கலாம். கிழமையையும் நேரத்தையும் அவரையே திரும்ப எழுதச் சொல்லுங்கள். "வெள்ளி காலை 4 மணி, வரேன் சார்" என்று வந்தால் அலாரத்தை 2.55-க்கு வைத்துவிட்டுப் படுக்கலாம்.